விநியோகஸ்தரை மாற்றும்போது எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்கெட் எட்டாத டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்தப் போகிறோம், கடிதத்தை ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று விற்பனைப் பிரிவிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். பல வருடம் விற்பனைக் கணக்கில் உட்கார்ந்திருந்ததால் இந்த வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வருகிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். சரக்குத் திருப்பும் பகுதிக்கு இடம் அதிகம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் சண்டை வருவது பெரும்பாலும் அங்கேதான்.

1. போன்லயே பேசி முடிச்சாச்சு, அவரும் சரின்னுட்டார். அப்புறம் லெட்டர் எதுக்கு?

அவர் சரி என்று சொன்னது எதற்கு என்பதில்தான் குழப்பம் வரும். டீலர்ஷிப் முடிகிறது என்பதற்கா, முப்பதாம் தேதி முடிகிறது என்பதற்கா, குடோனில் கிடக்கும் சரக்கை நீங்கள் முழு விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையிலா? போனில் பேசிய இரண்டு பேரும் வேறு வேறு பேச்சை நினைவில் வைத்திருப்பார்கள்.

கடிதத்தில் நான்கு விஷயம் நின்றால் போதும்: எந்தத் தேதியோடு முடிகிறது, அதுவரை என்ன நடக்கும், கையிருப்பு என்ன விலையில் எப்போது திரும்பும், பணம் எந்த நாளில் தீரும். அவர் ஏன் சரியாக விற்கவில்லை என்ற கதை இதில் சேராது.

2. காரணம் எழுதலைன்னா நல்லா இருக்குமா? டார்கெட்ல பாதிகூட வரலையே, அதை எழுத வேணாமா?

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முடிப்பதற்கு அதில் வழக்கமாக இரண்டு வழி இருக்கும். ஒன்று, காரணம் சொல்லாமல் இத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்து முடிப்பது. மற்றது, மறுதரப்பு ஒப்பந்தத்தை மீறியதால் முடிப்பது. இரண்டாவது வழியில் போனால், குறையைச் சொல்லித் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்து, அந்த அவகாசம் தீர்ந்த பிறகுதான் முடிக்கலாம் என்று அநேக ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அந்த முதல் கடிதம் கொடுக்காமல் நேரடியாக முடிப்புக் கடிதம் கொடுத்தால், தவறு உங்கள் பக்கம் வந்துவிடும்.

நோட்டீஸ் வழி இருந்தால் அதையே எடுங்கள். எடுத்த பிறகு குறைகளை அடுக்காதீர்கள். ஒரே கடிதத்தில் ‘ஷரத்து 14-இன்படி காரணமின்றி முடிக்கிறோம்’ என்று ஒரு வரியும், ‘மூன்று வருடமாக டார்கெட் எட்டவில்லை’ என்று அடுத்த வரியும் இருந்தால், எந்த வழியில் முடித்தீர்கள் என்றே விவாதம் வரும். அதோடு அவர் கேட்பார்: மூன்று வருடமாகச் சும்மாதானே இருந்தீர்கள், டார்கெட்டை நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையே? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல.

அதற்காகப் பொய்க் காரணமும் வேண்டாம். ‘நிறுவனம் இந்தப் பகுதியில் விநியோகஸ்தர்களையே நிறுத்துகிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் பக்கத்துத் தெருவில் புது ஆளை நியமித்தால், அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். ‘இந்தப் பகுதிக்கான விநியோக ஏற்பாட்டை மாற்றி அமைக்கிறோம்’ என்பது உண்மையும்கூட, அவர் முகத்தில் அடிப்பதும் இல்லை.

3. எத்தனை நாள் நோட்டீஸ் குடுக்கணும்?

ஒப்பந்தத்தில் உள்ள நாள்தான் குறைந்தபட்சம். நான் பார்த்தவற்றில் 30, 60, 90 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் எண்ணத் தொடங்குவது கடிதத் தேதியிலிருந்தா, அவர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்பதை ஷரத்தில் பாருங்கள். அதிலும் சந்தேகம் வராமல் இருக்க, கடிதத்தில் ‘60 நாளில்’ என்று மட்டும் விடாமல் முடியும் நாளை நாள், மாதம், ஆண்டோடு எழுதிவிடுங்கள். அஞ்சலில் போகும் நாட்களுக்காக ஒரு வாரம் கூட்டிப் போடுவது என் பழக்கம்.

அவர் கையில் எத்தனை நாள் சரக்கு இருக்கிறது என்பதையும் பாருங்கள். அவர் போகிற வேகத்தில் விற்றால் 75 நாள் ஆகும் சரக்கை வைத்துக்கொண்டு 30 நாள் நோட்டீஸ் கொடுத்தால், மிச்சம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

4. ஆரம்பம் எப்படி எழுதறது? கை ஓடவே மாட்டேங்குது.

கடிதம் போவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது குறைந்தது உரிமையாளரிடம் போனில் சொல்லுங்கள். விற்பனைப் பையன் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். கடிதத்தைப் பிரித்துத்தான் அவருக்கு விஷயமே தெரிய வேண்டும் என்ற நிலை வந்தால், அதற்கப்புறம் நீங்கள் என்ன மரியாதையாக எழுதியும் பயனில்லை.

கடிதத்தின் முதல் பத்தி இந்த அளவில் இருந்தால் போதும்:

‘மதிப்பிற்குரிய ஐயா, நேற்று நேரில் பேசியதைத் தொடர்ந்து இதை எழுதுகிறோம். நமக்கிடையே உள்ள விநியோக ஒப்பந்தத்தை, அதன் 14-ஆம் ஷரத்தின்படி, இந்த அறிவிப்பின் மூலம் முடித்துக்கொள்கிறோம். ஒப்பந்தத்தின் கடைசி நாள் ------. அதுவரை ஒப்பந்தத்தின் எல்லா விதிகளும் இரு தரப்புக்கும் பொருந்தும். கையிருப்புச் சரக்கும் கணக்கும் தீரும் முறை கீழே உள்ளது.’

‘முடித்துக்கொள்ளலாம் என்று கருதுகிறோம்’, ‘மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது’ என்றெல்லாம் மென்மைக்காக எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் இன்னும் பேரம் பேச இடமிருக்கிறது என்றுதான் நினைப்பார். முடிவை நேராகச் சொல்லிவிட்டு, மென்மையைச் சரக்கு விஷயத்தில் காட்டுங்கள்.

5. அவர்கிட்ட இருக்கற ஸ்டாக்கை நாம எடுத்தே ஆகணுமா? வித்தது வித்ததுதானே?

ஒப்பந்தத்தில் திரும்ப எடுக்கும் ஷரத்து இல்லையென்றால், பில் போட்டுக் கொடுத்த சரக்கு அவருடையதுதான். சில ஒப்பந்தங்களில் நிறுவனம் விரும்பினால் எடுக்கலாம் என்று இருக்கும். வேறு சிலவற்றில் எடுத்தே தீர வேண்டும் என்று இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு சொல்லில் இருக்கும், கவனித்துப் படியுங்கள்.

கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் எடுக்கத்தான் சொல்வேன். இனி வரவே வராத வாடிக்கையாளருக்காகக் குடோனில் சரக்கு வைத்திருப்பவர் என்ன செய்வார்? அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிடுவார். புது டிஸ்ட்ரிபியூட்டர் முதல் நாள் கடைக்குப் போகும்போது, அதே டப்பாவை 20 சதவீதம் குறைவாகக் கடைக்காரர் ஏற்கனவே வாங்கி அடுக்கியிருப்பார். அந்த விலை சந்தையில் படிந்துவிட்டால் நிமிர்த்த மாதக் கணக்காகும். திரும்ப எடுக்கும் செலவை இந்தச் சேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6. எடுக்கறதுன்னா என்ன விலைக்கு? பில் விலைக்கா?

அவர் உண்மையில் கொடுத்த நிகர விலைக்கு. இந்தச் சொல்லைக் கடிதத்தில் விட்டால் அங்கேயே நஷ்டம். ஒரு கணக்குப் பாருங்கள்: பில்லில் பெட்டி விலை 110, ஆனால் 10 வாங்கினால் 1 இலவசம் என்ற ஸ்கீமில் எடுத்திருக்கிறார். 1,100 கொடுத்து 11 பெட்டி வாங்கியிருக்கிறார், ஆக ஒரு பெட்டி 100-தான் விழுந்திருக்கிறது. திரும்பி வருவது 410 பெட்டி என்று வையுங்கள், அதை 110-க்கு வரவு வைத்தால், இலவசமாகக் கொடுத்ததற்கும் சேர்த்து 4,100 அதிகமாகப் போகும். ரொக்கத் தள்ளுபடி கொடுத்திருந்தால் அதுவும் இப்படித்தான்.

எனவே ‘சம்பந்தப்பட்ட பேட்ச்சின் பில் விலையிலிருந்து ஸ்கீம், தள்ளுபடி கழித்த நிகர விலை’ என்று எழுதுங்கள். எந்த பேட்ச் எந்த பில்லில் போனது என்று தெரியாவிட்டால், கடைசியாக வந்த பில்லிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுப்போம் என்று ஒரு விதியையும் அதே வரியில் போட்டுவிடுங்கள். வரி உள்ள சரக்கென்றால், திருப்பும் கிரெடிட் நோட்டுக்கு உங்கள் நாட்டின் வரிச் சட்டத்தில் காலக்கெடு உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்ட பிறகே தேதியை நிர்ணயிக்க வேண்டும்.

7. உடைஞ்சது, தேதி போனது எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவாரே. அதை எப்படிப் பிரிக்கறது?

கடைசி நாளில் இரு தரப்பு ஆட்களும் சேர்ந்து நின்று எண்ணி, பேட்ச் வாரியாக எழுதி, அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் அனுப்பிய பட்டியலை வைத்து கிரெடிட் நோட் போடாதீர்கள். பிரிவுகளையும் சதவீதத்தையும் எண்ணுவதற்கு முன்பே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். எண்ணி முடித்த பிறகு சொன்னால் அவரைக் குறிவைத்துப் போட்ட விதி மாதிரி இருக்கும்.

ஒட்டுப்பசை விற்கும் நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த கணக்கைச் சொல்கிறேன், எண்களை எளிதாக்கியிருக்கிறேன். குடோனில் 640 பெட்டி. அதில் ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் உள்ள நல்ல சரக்கு 410, இதற்கு முழு நிகர விலை. மூன்று முதல் ஆறு மாதம் மீதமுள்ளது 130, இதற்கு 60 சதவீதம், ஏனென்றால் வேறு இடத்தில் வேகமாகத் தள்ள நிறுவனமும் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். சேதமானது 60. அதில் வண்டியிலிருந்து இறக்கும்போதே உடைந்திருந்து, அன்றே கிளெய்ம் எழுதிய 20 மட்டும் முழு விலைக்கு. குடோனில் மழைத் தண்ணீரில் நனைந்த 40 அவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்குக் கீழும் தேதி முடிந்ததுமாக மீதி 40, அதற்கு ஒன்றும் இல்லை.

பெட்டி 100 வீதம் 410-க்கு 41,000. 130-க்கு 7,800. 20-க்கு 2,000. மொத்தம் 50,800 வரவு.

இன்னொன்று, ஏற்றுகூலி. அதை யார் தருவது என்று எழுதாததால் லாரி வாசலில் நின்றுகொண்டிருக்க இரண்டு பேரும் போனில் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முடிக்கிறீர்கள் என்றால் நீங்களே கொடுங்கள்.

8. அவர் எங்களுக்குப் பாக்கி வச்சிருக்கார். அதைக் கழிச்சுட்டு மீதிதானே தருவோம்?

கழிக்கலாம், ஆனால் கழிப்போம் என்பதைக் கடிதத்தில் சொல்லியிருக்க வேண்டும், கழித்த கணக்கை ஒரே தாளில் காட்டவும் வேண்டும். மேலே உள்ள கணக்கையே தொடர்கிறேன். சரக்கு வரவு 50,800. டெபாசிட் 20,000. ஏற்கனவே ஒப்புக்கொண்டு தராமல் இருந்த ஸ்கீம் கிளெய்ம் 4,200. ஆக அவருக்கு வர வேண்டியது 75,000. அவர் தர வேண்டிய பில் பாக்கி 58,000. நிறுவனம் அவருக்குத் தர வேண்டியது 17,000.

கிளெய்ம் என்பதைச் சும்மா கடந்துவிடாதீர்கள். விற்பனை அதிகாரி வாய்மொழியாகச் சொல்லி அவர் கடைகளுக்குக் கொடுத்துவிட்ட தள்ளுபடி, காட்சி அலமாரி வாடகை எல்லாம் மாதக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் மனதில் அவை வர வேண்டிய பணம், உங்கள் புத்தகத்தில் அவை இல்லவே இல்லை. ‘இன்ன தேதிக்குள் எல்லா கிளெய்மையும் ஆதாரத்தோடு அனுப்புங்கள், 15 நாளில் ஏற்பதா இல்லையா என்று எழுத்தில் சொல்வோம்’ என்று வைத்தால் அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடும்.

நிகரத் தொகையை எத்தனை நாளில் தருவீர்கள் என்றும் எழுதுங்கள். சரக்கு உங்கள் குடோனுக்கு வந்து 21 நாள் என்று எழுதினால் 21-ஆம் நாள் பணம் போக வேண்டும். போகிற டிஸ்ட்ரிபியூட்டர் ஊரெல்லாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

9. நோட்டீஸ் ஓடற சமயத்துல மாசக் கடைசி டார்கெட்டுக்காக அவருக்கு ஒரு லோடு பில் போட்டுட்டாங்க. பரவாயில்லையா?

பெரிய தவறு. பிறகு முழு விலைக்கு நீங்களே திரும்ப எடுக்கப்போகும் சரக்கை விற்பனை என்று காட்டியிருக்கிறீர்கள். இதற்காகவே கடிதத்தில், நோட்டீஸ் காலத்தில் அவர் எழுத்தில் கேட்ட ஆர்டர் மட்டும், அதுவும் முந்தைய மாதங்களின் சராசரிக்குள், கடைசி 15 நாளில் புது பில் கிடையாது என்று எழுதுவோம். இந்த வரி அவர் பக்கத்திலிருந்து வரும் தந்திரத்தையும் தடுக்கும். போவதற்கு முன் ஸ்கீமில் நிறைய எடுத்து முழு விலைக்குத் திருப்பலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடிதத்தின் நகலை உங்கள் விற்பனைப் பிரிவுக்கும் பில் போடுபவருக்கும் கொடுங்கள். அவர்களுக்குத் தெரியாததால்தான் இந்த லோடு போனது.

10. கடைகள்ல அவருக்கு வரவேண்டிய பணம் நிறைய மாட்டியிருக்காம். அதை வசூல் பண்ணிக் குடுங்கன்னு கேக்கறார்.

அந்தக் கடன் அவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் உள்ளது, கடிதத்தில் அதற்குப் பொறுப்பேற்காதீர்கள். ஆனால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொருள் இனி அவரிடமிருந்து வராது என்று தெரிந்ததும் கடைக்காரர் பழைய பாக்கியைத் தராமல் இழுப்பார்.

இதற்கு ஒரு வழி உண்டு. கடைகளுக்கு அறிவிப்பதையும் புது ஆள் பில் போடத் தொடங்குவதையும் ஒப்பந்தத்தின் கடைசி வாரம் வரை தள்ளிவையுங்கள். அதுவரை அவர் சரக்கு கொடுத்துக்கொண்டே வசூலிக்கலாம். வசூலுக்குப் போகும்போது உங்கள் விற்பனையாளர் கூடப் போவார் என்று வாய்மொழியாகச் சொல்வதும் போதும். இதில் உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை, அவருக்கோ இது டெபாசிட்டைவிடப் பெரிய தொகையாக இருக்கலாம்.

11. கடைகளுக்கு யார் சொல்றது? அவர் நம்மைப் பத்தித் தப்பாச் சொன்னா?

இருவரும் ஒப்புக்கொண்ட ஒரே வாசகத்தைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: இன்ன தேதி முதல் இந்தப் பகுதிக்கு இன்னார் சரக்கு தருவார், இதுவரை சேவை செய்தவருக்கு நன்றி. காரணம் இல்லை. உங்கள் விற்பனையாளர்களும் இதற்கு மேல் பேசக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள், தப்பான பேச்சு அதிகம் கிளம்புவது நம் பக்கத்திலிருந்துதான். ‘அவரால முடியலைங்க, தூக்கிட்டோம்’ என்று ஒரு பையன் ஒரு கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

12. கடைசியில ‘மீண்டும் சேர்ந்து பணியாற்றுவோம்’னு போடலாமா? நல்ல விதமா முடிக்கணுமே.

வேண்டாம். அதை வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து வந்து நிற்பவர்கள் உண்டு. ‘சிறந்த விநியோகஸ்தராக விளங்கினீர்கள்’ என்றும் புகழாதீர்கள், 2-ஆம் பதிலில் சொன்ன மாதிரி நாளை அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி நன்றி சொல்லுங்கள். ‘இந்தப் பகுதியில் எங்கள் பொருளை முதன்முதலில் 60 கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள், அதற்கு நன்றி’ என்றால் அவரும் மறக்க மாட்டார், யாரும் மறுக்கவும் முடியாது.

13. எழுத்துல ஒப்பந்தமே இல்லை. பத்து வருஷமா நம்பிக்கையில ஓடுது. உடனே நிறுத்திடலாம்ல?

எழுத்தில் இல்லாததால் நோட்டீஸே வேண்டாம் என்று ஆகிவிடாது. பல நாடுகளில் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்றே எதிர்பார்ப்பார்கள், உறவு எத்தனை வருடம், அவர் இதற்காக எவ்வளவு முதலீடு செய்தார் என்பதைப் பார்ப்பார்கள். சில இடங்களில் சட்டமே விநியோகஸ்தர் பக்கம் சாய்ந்து நிற்கும். பெல்ஜியத்தில் 1961-இல் சட்டமாக வந்து இப்போது பொருளாதாரச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதி, காலவரையற்ற தனி விநியோக உரிமையை முடிக்க நியாயமான நோட்டீஸ் அல்லது இழப்பீடு கேட்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் 1964-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் முடிக்கவே விடாது. அந்த மாதிரி இடத்தில் 2-ஆம் பதிலில் சொன்ன ‘காரணம் எழுதாதே’ செல்லாது. கடிதத்தை வக்கீல் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம் இல்லாத நிலையில் சரக்குத் திருப்பும் பகுதியைக் கட்டளையாக எழுதாமல், ‘இந்த ஏற்பாட்டை ஏற்பதானால் நகலில் கையெழுத்திட்டு அனுப்புங்கள்’ என்று முன்மொழிவாக எழுதுங்கள். கையெழுத்து வந்தால் அதுவே உங்கள் இருவருக்கும் முதல் எழுத்து ஒப்பந்தம்.

14. எண்ணி முடிச்ச அப்புறம், ‘தேதி போன சரக்கு உங்க தப்பு’ன்னு கையெழுத்துப் போட மாட்டேங்கறார். என்ன பண்றது?

கோபப்படுவதற்கு முன் பில்லை எடுங்கள். 7-ஆம் பதிலில் ஒன்றும் இல்லை என்று விட்ட 40 பெட்டி நினைவிருக்கிறதா? அதில்தான் தகராறு வந்தது. பேட்ச் எண்ணை வைத்துத் தேடியபோது, அதில் 15 பெட்டி நிறுவனத்திலிருந்து கிளம்பும்போதே நான்கு மாதம்தான் ஆயுள் மீதி இருந்தது தெரிந்தது. வருடக் கடைசியில் யாரோ பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த 15-க்கும் முழு விலை ஒப்புக்கொண்டு 1,500 சேர்த்தோம், 17,000 என்பது 18,500 ஆனது. மீதி 25 அவர் பழைய சரக்கை முதலில் விற்காததால் தேங்கியது, அதற்கு அவரும் பிறகு பேசவில்லை.

தகராறு உள்ள பகுதி தீரும் வரை மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள். ஒத்துக்கொண்ட பிரிவுகளுக்குக் கையெழுத்து வாங்கி, சரக்கை ஏற்றி, அந்த அளவுக்குப் பணத்தை அனுப்பிவிடுங்கள். ‘தகராறில் உள்ள 40 பெட்டி தனியாகப் பார்க்கப்படும், இதில் இரு தரப்பு உரிமையும் குறையாது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைசித் தொகை போன பிறகு, இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் வாங்கி அந்தக் கோப்பிலேயே வையுங்கள். பணம் போவதற்கு முன்பே அதில் கையெழுத்துக் கேட்கிறார்கள் சிலர், அவர் போட மாட்டேன் என்றால் அதில் குற்றம் சொல்ல முடியாது.